ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் எந்த பேட்டரி? நான்கு வழிகளின் ஒப்பீடு

கரண்ட் இரண்டே விநாடி போய்விட்டு வருகிறது. மின்விசிறியின் இறக்கை நிற்கக்கூட இல்லை. ஆனால் நெட் திரும்பி வர நான்கு நிமிடம் ஆகிறது. ஃபைபர் பெட்டி எழுந்து, ஒளியைப் பிடித்து, எதிர்முனையில் தன்னைப் பதிவு செய்துகொள்ள ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கும். ரவுட்டர் எழுந்து வைஃபை கொடுக்க இன்னும் இரண்டு நிமிடம். இப்படி ஒரு மாலையில் ஐந்து முறை நடந்தால், கரண்ட் போனது மொத்தம் பத்து விநாடி, நெட் போனது இருபது நிமிடம். பரீட்சையோ நேர்காணலோ நடந்துகொண்டிருந்தால் அந்தக் கணக்கு வேறு மாதிரி வலிக்கும்.

அதனால்தான் ரவுட்டருக்கு ஒரு சின்ன பேட்டரி வாங்கலாம் என்று பலரும் யோசிக்கிறார்கள். நானும் யோசித்து, ஒன்றைத் தவறாக வாங்கி, பிறகு அளந்து பார்த்துச் சரியானதை வாங்கினேன். வழிகள் நான்குதான்: டிசி மினி யுபிஎஸ், கம்ப்யூட்டருக்கு வைக்கும் சாதாரண யுபிஎஸ், வீட்டு இன்வெர்ட்டர், பவர் பேங்க். எது நல்லது என்பதற்கு முன்னால் இரண்டு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பெட்டிகள் ஏன் சாகின்றன? கரண்ட் போனபோது உங்கள் ஃபைபர் லைனுக்கு உயிர் இருக்கிறதா?

முதலில் சாவுக்கான காரணம். ரவுட்டருக்குள் நேராக வீட்டு மின்சாரம் போவதில்லை. நடுவில் அந்தக் குட்டி அடாப்டர் இருக்கிறது. வெளியில் 12 வோல்ட் கொடுப்பதற்கு முன், வரும் ஏசியை உள்ளே டிசியாக்கி ஒரு கெப்பாசிட்டரில் நிரப்பி வைக்கிறது. பெரும்பாலான அடாப்டர்களில் அந்தக் கெப்பாசிட்டர் 400 வோல்ட் தாங்கும் வகை. ஏசி 230 என்று நாம் சொன்னாலும் அலையின் உச்சி அதைவிட 1.414 மடங்கு உயரம், அதாவது சுமார் 325 வோல்ட். லைனில் 283 வோல்ட் வந்தாலே உச்சி 400-ஐத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஏறி, சில நிமிடம் அப்படியே நின்றால் கெப்பாசிட்டர் உப்பும், வெடிக்கும், அல்லது உள்ளே உள்ள ஃபியூஸ் போகும். தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால் ஒரு வீட்டுக்கு 230-க்குப் பதிலாக 300, 350 என்று வருவது உண்டு. ஒரே இரவில் நாலு வீட்டு டிவி போனது என்று கேள்விப்படுகிறோமே, பல நேரம் அது இதுதான்.

லோ வோல்டேஜ் அவ்வளவு பயங்கரம் இல்லை. அடாப்டரின் மேல் 100–240 என்று அச்சிட்டிருந்தால் அது 100 வோல்ட் வரைக்கும் இறங்கி வேலை செய்யும். விளக்கு மங்கி எரியும்போதும் ரவுட்டர் ஓடிக்கொண்டிருப்பது அதனால்தான். எனவே ரவுட்டருக்கென்று தனி ஸ்டெபிலைசர் வாங்குவது வீண் செலவு என்பது என் எண்ணம். தொல்லை தருவது வேறு: கரண்ட் போய், வந்து, உடனே மறுபடி போய், மறுபடி வருவது. ஒவ்வொரு முறை வரும்போதும் காலியாகிக் கிடக்கும் கெப்பாசிட்டரை நிரப்ப ஒரு பெரிய மின்னோட்டம் பாய்கிறது. அந்த அடி அடாப்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். இன்னொரு பக்கம், ரவுட்டரோ ஃபைபர் பெட்டியோ தன் நினைவகத்தில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் கரண்ட் போனால், எழுதியது பாதியில் நிற்கும். அபூர்வம்தான், ஆனாலும் நடக்கும். அடுத்த முறை எழும்போது செட்டிங் எல்லாம் போய்ப் பழைய நிலைக்கு வந்திருக்கும், அல்லது எழுந்து எழுந்து விழுந்துகொண்டே இருக்கும்.

என் வீட்டில் நடந்தது இந்த மெதுவான சாவு. ராத்திரி எட்டு மணிக்கு மேல், எல்லோரும் வீடியோ பார்க்கத் தொடங்கும் நேரத்தில், ஃபைபர் பெட்டி தானாக அணைந்து எழும். பகலில் ஒன்றும் ஆகாது. லைனில் கோளாறு என்று நினைத்துப் புகார் கொடுத்தேன். வந்தவர் ஒளியின் அளவைப் பார்த்துவிட்டு, "பெட்டி நல்லாத்தான் இருக்கு சார், அடாப்டரை மாத்திப் பாருங்க" என்றார். நம்பவில்லை. மல்டிமீட்டரை எடுத்துப் பெட்டியில் சொருகாமல் வெறுமனே அளந்தேன்: 12.2 வோல்ட். நல்லாத்தானே இருக்கிறது! அப்புறம் பெட்டியை ஓடவிட்டு, ஒயர் நுனியில் உள்ள பின்னை ஒட்டி அளந்தேன்: 10.6. வேலை கொடுத்தால் தளர்ந்து போகிற அடாப்டர். சும்மா இருக்கும்போது 12 காட்டும், சுமை ஏறினால் விழும். அடாப்டரைச் சந்தேகிப்பவர்கள் இந்த ஒரு சோதனையை மறக்கக் கூடாது. சொருகாமல் எடுக்கும் அளவு எதையும் சொல்லாது.

சரி, இரண்டாவது விஷயம். பேட்டரி வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். உங்கள் வீட்டு ரவுட்டர் உயிரோடு இருந்தாலும், லைனின் மறுமுனை உயிரோடு இல்லை என்றால் பயன் இல்லை. இப்போது அதிகம் போடப்படுவது ஜிபான் வகை ஃபைபர். அதில் சேவை மையத்திலிருந்து வீடு வரை வழியில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் கிடையாது. நடுவில் இருப்பது ஒளியைப் பிரிக்கும் கண்ணாடித் துண்டு மட்டும். மையத்தில் அவர்கள் பேட்டரி வைத்திருப்பார்கள். ஆனால் சில இடங்களில் தெருமுனைப் பெட்டி வரை ஃபைபரும் அங்கிருந்து வீட்டுக்குச் சாதாரண லேன் ஒயருமாக வரும். அந்தத் தெருமுனைப் பெட்டியில் இருக்கும் ஸ்விட்சுக்குக் கரண்ட் வேண்டும். தெருவுக்கே கரண்ட் போனால் அதுவும் போகும்.

கண்டுபிடிப்பது எளிது. அடுத்த முறை கரண்ட் போகும்போது ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் எப்படியாவது ஓட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்துச் சொருகினாலும் போதும். பான் என்று எழுதிய விளக்கு அசையாமல் எரிந்து, நெட்டும் வந்தால் லைன் உயிரோடு இருக்கிறது. எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. ஒரு முறை வந்தால் போதாது, அரை மணி நேரம் கழித்தும் பாருங்கள். மறுமுனையில் இருக்கும் பேட்டரி பழையதாக இருந்தால் இருபது நிமிடத்தில் அது படுத்துவிடும். அப்படியென்றால் நீங்கள் ஐந்து மணி நேரப் பேட்டரி வாங்குவதில் அர்த்தம் இல்லை. சின்னச் சின்ன வெட்டுகளைத் தாண்டும் அளவுக்கு வாங்கினால் போதும்.

எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு

கடைக்குப் போகும் முன் ஒரே ஒரு எண் தெரிந்திருக்க வேண்டும்: இரண்டு பெட்டியும் சேர்ந்து எத்தனை வாட் இழுக்கின்றன. அடாப்டரில் எழுதியிருப்பது அதிகபட்சம். உண்மையில் ஓடும்போது பெரும்பாலும் அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். என் ஃபைபர் பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்ப் என்று இருந்தது, அளந்தபோது 0.42 ஆம்ப். ரவுட்டரில் 1.5 ஆம்ப் என்று இருந்தது, அளந்தபோது 0.65. இரண்டும் சேர்த்து 1.07 ஆம்ப். 12-ஆல் பெருக்கினால் 12.8 வாட். ஒரு எல்இடி பல்பு அளவுதான்.

இப்போது மினி யுபிஎஸ் அட்டைப்பெட்டியைப் பார்ப்போம். 10,400 எம்ஏஎச் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. நாம் என்ன செய்வோம்? 10,400-ஐ 1,070-ஆல் வகுப்போம். ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வருகிறது. நானும் அப்படித்தான் வகுத்தேன். அது தப்பு. அந்த 10,400 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் வோல்டேஜில், அதாவது 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு. நமக்கு வேண்டியது 12 வோல்ட்டில். எம்ஏஎச்சை மறந்துவிட்டு வாட்-மணிக்கு மாற்ற வேண்டும்: 10.4 பெருக்கல் 3.7, சுமார் 38.5 வாட்-மணி. 3.7-ஐ 12-ஆக ஏற்றும்போது கொஞ்சம் வெப்பமாகப் போகும். 85 சதவீதம் கையில் கிடைக்கும் என்று வைத்தால் 32.7. அதை 12.8 வாட்டால் வகுத்தால் இரண்டரை மணி நேரம்.

ஒன்பதரை எங்கே, இரண்டரை எங்கே. யாரும் பொய் சொல்லவில்லை, எண்ணின் அர்த்தம்தான் வேறு. என் வீட்டில் கடிகாரம் வைத்துப் பார்த்தபோது முதல் முறை 2 மணி 20 நிமிடம் ஓடியது. ஒன்றரை வருடம் கழித்து அதே பெட்டி 1 மணி 50 நிமிடம்தான் ஓடியது. லித்தியம் செல் எப்போதும் முழுச் சார்ஜில் சூடான இடத்தில் இருந்தால் வேகமாக வயதாகும். அதனால் உங்களுக்கு இரண்டு மணி நேரம் கட்டாயம் வேண்டும் என்றால், கணக்கில் மூன்று மணி நேரம் வரும்படி வாங்குங்கள். 12.8 வாட்டுக்கு அது சுமார் 45 வாட்-மணி.

டிசி மினி யுபிஎஸ்

இதுதான் என் தேர்வு, அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இதில் இன்வெர்ட்டர் இல்லை. பேட்டரியின் டிசியை ஏசியாக்கி, மறுபடி அடாப்டரில் டிசியாக்கும் சுற்றுவழி இல்லை. டிசியிலிருந்து டிசிக்கே போகிறது. அதனால் வீணாவது குறைவு, சின்ன பேட்டரியே நீண்ட நேரம் வரும். கரண்ட் போகும் நொடியில் இடைவெளியே தெரியாது, ரவுட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். விசிறியும் இல்லை, பீப் சத்தமும் இல்லை.

இன்னொரு நன்மையை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. வோல்டேஜ் எகிறி அடாப்டர் செத்துப் போனாலும் ரவுட்டர் அதே நொடியில் பேட்டரிக்கு மாறிவிடும். அடிபடுவது அடாப்டர், மிஞ்சினால் மினி யுபிஎஸ். ஃபைபர் பெட்டி பிழைத்துக்கொள்ளும். அடாப்டர் எங்கும் கிடைக்கும். சேவை நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியை மாற்றி, புதியதை அவர்களின் கணினியில் பதிவு செய்து, மறுபடி நெட் வரவைப்பது சில நாள் அலைச்சல்.

ஆனால் வாங்கும்போது ஏமாறும் இடங்கள் உண்டு. நான் ஏமாந்த இடத்தை முதலில் சொல்கிறேன். மினி யுபிஎஸ்ஸுக்கென்று தனி அடாப்டர் வரவில்லை. ஃபைபர் பெட்டியின் பழைய அடாப்டரையே அதன் உள்ளீட்டில் சொருகச் சொன்னார்கள். அது 12 வோல்ட், 1 ஆம்ப், அதாவது 12 வாட் கொடுக்கும். என் இரண்டு பெட்டியும் கேட்பது 12.8 வாட். கரண்ட் இருக்கும்போதே குறைந்த 0.8 வாட்டைப் பேட்டரி ஈடுகட்டிக்கொண்டிருந்தது! சார்ஜ் ஏறவே இல்லை, நாள் முழுக்க மெதுவாக இறங்கியது. இரண்டாம் நாள் கரண்ட் போனதும் ஐந்து நிமிடத்தில் எல்லாம் அணைந்தது. பேட்டரி மட்டம் என்று கோபப்பட்டேன். பேட்டரிமேல் தப்பே இல்லை. 12 வோல்ட், 2 ஆம்ப் அடாப்டர் போட்டதும் 24 வாட் வந்தது. 12.8 பெட்டிகளுக்கு, மீதி 11 சார்ஜுக்கு. அன்றிலிருந்து சரியாக இருக்கிறது. இரண்டு பெட்டிகளின் வாட்டைப் போல இரு மடங்கு கொடுக்கும் அடாப்டர் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மினி யுபிஎஸ் உள்ளீட்டில் எத்தனை வோல்ட் கேட்கிறதோ அதே வோல்ட்டில் இருக்க வேண்டும்.

சார்ஜ் ஏறும் நேரத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 11 வாட் மீதி இருந்தாலும் உள்ளே இருக்கும் சார்ஜர் அதைவிட மெதுவாகத்தான் ஏற்றும். முழுதும் காலியான 38 வாட்-மணிப் பேட்டரி நிறைய நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகலாம். காலையில் இரண்டு மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம் என்று கரண்ட் போகும் இடத்தில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். இரண்டாவது வெட்டில் அரைப் பேட்டரிதான் கையில் இருக்கும்.

அடுத்தது, வெளியே வரும் 12 வோல்ட் நிஜமாகவே 12-ஆக நிற்கிறதா என்பது. நல்ல மினி யுபிஎஸ் பேட்டரி இறங்கினாலும் 12-ஐயே கொடுக்கும். மட்டமான சிலவற்றில் மூன்று லித்தியம் செல்லை வரிசையாகக் கோத்து அப்படியே வெளியே விட்டிருப்பார்கள். நிறைந்திருக்கும்போது 12.6, முடியும்போது 9-ஐ ஒட்டி. 10 வோல்ட்டுக்குக் கீழே போனதும் பல ஃபைபர் பெட்டிகள் எழுந்து விழத் தொடங்கும். பேட்டரியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நெட் தள்ளாடும். கண்டுபிடிக்க, கரண்டைப் பிடுங்கிவிட்டு, ஓட ஓட அரை மணிக்கொரு தடவை வெளியீட்டை அளங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒயர் நுனியில் இருக்கும் பின்னிலும் கவனம் வேண்டும். வெளிவட்டம் 5.5 மில்லிமீட்டர் என்பது பொதுவாக ஒன்றுதான், உள்ளே இருக்கும் துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை. 2.1 துளையுள்ள பின் 2.5 ஜாக்கில் நுழையாது, அது நல்லது, உடனே தெரிந்துவிடும். 2.5 பின் 2.1 ஜாக்கில் தளர்வாக நுழையும். பார்க்கச் சரியாக இருக்கும், கை பட்டால் ரவுட்டர் அணைந்து எழும். பின்னின் நடுப்பகுதி பிளஸ்தானா என்பதை அடாப்டரில் இருக்கும் வட்டப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சில ரவுட்டர்கள் 9 வோல்ட்டில் ஓடுபவை. மினி யுபிஎஸ்ஸில் 9-க்கும் 12-க்கும் தனித்தனித் துளை இருக்கும். ஒருவர் தவறி 12-ஐச் சொருகினால் பெட்டி போய்விடலாம். சொருகி முடித்ததும் இரண்டு ஒயரின் நுனியிலும் கலர் டேப் ஒட்டிவிடுங்கள். வீட்டில் தூசு தட்டும்போது பிடுங்கிச் சொருகுகிறவர் நீங்களாக இருக்கமாட்டீர்கள்.

கம்ப்யூட்டர் யுபிஎஸ்

600 விஏ என்று எழுதிய, மேஜைக்குக் கீழே வைக்கும் யுபிஎஸ் பலர் வீட்டில் ஏற்கனவே இருக்கிறது. உள்ளே பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்ப்-மணி லெட் பேட்டரி, அதாவது 84 வாட்-மணி. நம் மினி யுபிஎஸ்ஸைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அப்படியென்றால் ஐந்து மணி நேரம் வருமா? வராது. டிசியை ஏசியாக மாற்றுவதற்கு அதுவே பத்துப் பதினைந்து வாட்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். ரவுட்டருக்குப் போகிற அளவு இன்னொரு பங்கு அதன் சொந்தச் செலவு. கடைசியில் இரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான் நிற்கும். அதோடு லெட் பேட்டரியை அடிவரை காலி செய்துகொண்டே இருந்தால் அது இரண்டு வருடத்தில் தளர்ந்துவிடும். கம்ப்யூட்டரைப் பத்து நிமிடத்தில் ஒழுங்காக அணைக்கத்தான் அந்தப் பேட்டரியை வைத்திருக்கிறார்கள், தினமும் மணிக்கணக்கில் ஓட்டுவதற்கு இல்லை.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. சில யுபிஎஸ்கள் சுமை மிகக் குறைவாக இருந்தால் ஒன்றும் சொருகவில்லை என்று நினைத்துக்கொண்டு பேட்டரியைக் காப்பாற்றத் தானாக அணைந்துவிடும். 13 வாட் சில சமயம் அந்த எல்லைக்குக் கீழே விழும். ஐந்து நிமிடம் ஓடி, பேட்டரி நிறைய இருக்கும்போதே நின்றால் காரணம் இதுதான். ஆனால் வோல்டேஜ் விஷயத்தில் இது ஒரு படி மேல். லைன் இன்ட்ராக்டிவ் வகையாக இருந்தால் உள்ளே ஏற்றி இறக்கும் ஏற்பாடு இருக்கும், எல்லை தாண்டினால் லைனை விட்டுவிட்டுப் பேட்டரிக்குத் தாவும். ஆகவே மேஜைக் கம்ப்யூட்டரும் ரவுட்டரும் ஒரே அறையில் இருந்தால், கரண்ட் ஒரு முறைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போகாது என்றால், புதிதாக எதுவும் வாங்காமல் இதிலேயே சொருகிவிடுங்கள். ரவுட்டருக்காக மட்டும் புதிதாக இதை வாங்குவதை நான் சொல்லமாட்டேன்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடு

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் நேரம் பற்றிய கவலை இல்லை. அந்தப் பெரிய பேட்டரிக்கு 13 வாட் கொசுக்கடி. இருந்தும் சில வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கும்போதே ரவுட்டர் ஒவ்வொரு முறையும் அணைந்து எழுகிறது. காரணம், கரண்ட் போவதற்கும் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்வதற்கும் நடுவே இருக்கும் மிகச் சிறிய இடைவெளி. நல்ல அடாப்டர் தன் கெப்பாசிட்டரில் இருப்பதை வைத்து அந்த இடைவெளியைத் தாண்டிவிடும். வயதான அடாப்டரால் முடியாது. இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோடு, சாதாரண மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் யுபிஎஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள். வேகமாக மாறும். அந்த மோடில் வோல்டேஜ் எல்லையும் குறுகலாக இருக்கும், எகிறினாலோ விழுந்தாலோ சீக்கிரம் லைனை விட்டுவிடும். சாதாரண மோடில் லைன் வோல்டேஜ் எப்படி வருகிறதோ அப்படியே உள்ளே போகும் என்பதை நினைவில் வையுங்கள். இன்வெர்ட்டர் இருக்கிறது, அதனால் ஏற்ற இறக்கத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது முழு உண்மை இல்லை.

மோடை மாற்றியும் அடாப்டரை மாற்றியும் தாண்டவில்லை என்றால், இருப்பதிலேயே சிறிய மினி யுபிஎஸ் ஒன்று போதும். அது ஓட்ட வேண்டியது அரை விநாடிதான்.

பவர் பேங்க்

கையில் இருக்கிறதே என்று பலரும் முயலும் வழி. யுஎஸ்பியில் சொருகி 12 வோல்ட்டாக ஏற்றும் ஒயர் கிடைக்கிறது. சாதாரண யுஎஸ்பி வாய் 5 வோல்ட், 2 ஆம்ப் கொடுக்கும், அதாவது 10 வாட். ஏற்றும்போது போவதைக் கழித்தால் 8, 9 வாட். ஃபைபர் பெட்டி மட்டும் என்றால் ஓடும், ரவுட்டரும் சேர்ந்தால் ஓடாது. இரண்டும் ஒரே பெட்டியாக இருந்து 8 வாட்டுக்குள் இருந்தால் யோசிக்கலாம். வேகச் சார்ஜ் வாயிலிருந்து நேராக 12 எடுக்கலாம் என்றால், யுஎஸ்பி பவர் டெலிவரி முறையில் 5, 9, 15, 20 என்பவைதான் வழக்கமான படிகள். 12 எல்லா பவர் பேங்கிலும் இருக்காது.

அதைவிடப் பெரிய குறை, பெரும்பாலான பவர் பேங்குகள் தாம் சார்ஜ் ஆகத் தொடங்கும் நொடியிலும் நிற்கும் நொடியிலும் வெளியீட்டைச் சற்றே துண்டிக்கும். கரண்ட் போனதும் ரவுட்டர் அணையும், வந்ததும் மறுபடி அணையும். எதற்காக வாங்கினோமோ அதுவே நடக்கிறது. வருடத்தில் நாலு நாள் நீண்ட வெட்டுக்கு, கையால் மாற்றிச் சொருகிக்கொள்ளத் தயார் என்றால் பவர் பேங்க் போதும். எப்போதும் சொருகி வைக்க ஆகாது.

முன்னால் ஒரு காவல்

எந்த வழியைத் தேர்ந்தாலும் வோல்டேஜ் எகிறும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சின்னக் கருவி அவசியம்: ஹை, லோ வோல்டேஜில் லைனைத் துண்டிக்கும் கட்-ஆஃப். சுவரில் சொருகி அதன்மேல் அடாப்டரைச் சொருகுவது. உள்ளே இருப்பது ஒரு ரிலே. 260, 270 என்று வைத்த எல்லையைத் தாண்டினால் துண்டித்துவிடும், சரியானதும் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ காத்திருந்து சேர்க்கும். அந்தக் காத்திருப்புதான் விலைமதிப்பில்லாதது. போய் வந்து போய் வரும் அந்தத் தடுமாற்றம் முழுவதும் வெளியிலேயே நடந்து முடிந்துவிடும். துண்டித்த அந்த நேரத்தில் பின்னால் இருக்கும் மினி யுபிஎஸ் ரவுட்டரை ஓட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் முழு ஏற்பாடு.

சர்ஜ் புரொடெக்டர் என்ற நீளமான பிளக் பெட்டியை இதற்குப் பதிலாக வாங்கிவிடாதீர்கள். அது மின்னல் போல நொடியின் சிறு துண்டுக்கு வரும் பாய்ச்சலை விழுங்குவது. 320 வோல்ட் பத்து நிமிடம் நின்றால் அது தானே கருகிப் போகும். மின்னலைப் பொறுத்தவரை ஃபைபர் கண்ணாடி, அதன் வழியாக மின்சாரம் வராது. ஆனால் ஃபைபரோடு சேர்ந்து வரும் இரும்புக் கம்பி வழியாகவும், மாடிக்கும் வெளியேயும் போகிற லேன் ஒயர் வழியாகவும் வரலாம். பலத்த இடி நேரத்தில் அந்த லேன் ஒயரைப் பிடுங்கி வைப்பதைவிடச் சிறந்த பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாமல், நான்கைந்து மணி நேரம் கரண்ட் போகும் இடத்தில் இருப்பவர்களுக்கு மற்ற மூன்றுமே போதாது. அவர்களுக்கு 12.8 வோல்ட், 6 ஆம்ப்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, அதற்கான சார்ஜர், நடுவில் ஏற்றவும் இறக்கவும் தெரிந்த ஒரு 12 வோல்ட் ரெகுலேட்டர் என்று கோத்துக்கொள்ளலாம். 77 வாட்-மணி, என் சுமைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வரும். ரெகுலேட்டரை விட்டுவிட்டு நேராகச் சொருகினால் சார்ஜ் ஏறும்போது 14.6 வோல்ட் ரவுட்டருக்குள் போகும். ஒயர் வேலை தெரியாதவர்கள் இதைத் தெரிந்தவரை வைத்துத்தான் செய்ய வேண்டும், பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் இல்லாமல் செய்யவே கூடாது.

இப்போது என் வீட்டுச் சுவரில் இருப்பது இந்த வரிசை: கட்-ஆஃப், அதில் 12 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர், அங்கிருந்து மினி யுபிஎஸ், அதிலிருந்து இரண்டாகப் பிரியும் ஒயர், ஒரு நுனி ஃபைபர் பெட்டிக்கு, ஒரு நுனி ரவுட்டருக்கு. மினி யுபிஎஸ்ஸை முதலில் ரவுட்டரின் மேலேயே வைத்திருந்தேன். இரண்டின் சூடும் சேர்ந்து கை வைக்க முடியவில்லை. இப்போது ஒரு சாண் தள்ளி, திரைச்சீலை படாத இடத்தில், தனிப் பலகையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எல்லோரும் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறேன். நேரத்தைப் பெட்டியின் பின்னாலேயே பேனாவால் எழுதுகிறேன். ஒன்றரை மணி நேரத்துக்குக் கீழே வந்தால் மாற்றுவது என்று வைத்திருக்கிறேன். பெட்டியின் மூடி லேசாகப் புடைத்திருந்தால், நேரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அன்றே கழற்றிவிட வேண்டும்.